தலையங்கத்தில் எழுதப்படாத வரி: எடுகோளைக் கண்டறிவது எப்படி?

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில், ஒரு பத்தியைக் கொடுத்து அதன் ஆசிரியர் எவற்றை உண்மையென எடுத்துக்கொண்டுள்ளார் எனக் கேட்கும் வினாக்கள் இடம்பெறுவது வழக்கம். இவற்றுக்கான விடை பத்தியின் எந்த வரியிலும் நேரடியாக இருப்பதில்லை. நாளிதழ் தலையங்கத்தை வாதம், சான்று, எடுகோள் என மூன்றாகப் பிரித்துச் சுருக்குவது இதற்கான பயிற்சியாகும். ஆசிரியர் சொல்லாமலே உண்மையெனக் கொண்ட கருத்தே எடுகோள்.

முடிவிலிருந்து தொடக்கம்

மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்த வகைசெய்யும் அரசியல் சாசன (129-ஆவது திருத்த) மசோதா, 2024 டிசம்பர் 17-இல் மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. அதை ஆதரித்து எட்டுப் பத்திகளில் ஒரு தலையங்கம் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம்.

பத்திக்கு ஒரு வரி வீதம் குறிப்பெடுத்தால் எட்டு வரிகள் கிடைக்குமே தவிர, வாதம் கிடைக்காது. எனவே, முதலில் தேட வேண்டியது ஆசிரியர் எதைச் செய்யச் சொல்கிறார் என்பதை. 'வேண்டும்', 'கூடாது', 'எனவே' ஆகிய சொற்கள் வரும் வாக்கியங்களில் அது பெரும்பாலும் இருக்கும். இங்கு வாதம் ஒரே வரிதான்: நிர்வாகம் தடைபடாமல் இருக்க நாடாளுமன்றம் இம்மசோதாவை நிறைவேற்ற வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திடமும் 'இதைச் சரிபார்க்க முடியுமா?' எனக் கேட்க வேண்டும். 1951-52 முதல் 1967 வரை பெரும்பாலும் ஒரே நேரத்தில் தேர்தல்கள் நடைபெற்றன என்பதைச் சரிபார்க்க முடியும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது புதிய திட்டங்களை அறிவிக்க இயலாது என்பதையும் சரிபார்க்கலாம். இவை சான்றுகள். 'ஓயாத தேர்தல் திருவிழா' என்பது சான்றல்ல, அடைமொழி. சுருக்கத்தில் அதற்கு இடமில்லை.

பாலம் எங்கே?

சான்றுக்கும் வாதத்துக்கும் இடையிலான தொலைவை எடுகோளே இணைக்கிறது. நடத்தை விதிகளால் புதிய அறிவிப்புகள் நிற்கின்றன என்பது சான்று. நிர்வாகம் தடைபடுகிறது என்பது முடிவு. ஏற்கெனவே களத்தில் தொடங்கிய பணிகளை விதிகள் நிறுத்துவதில்லை. ஆகவே, 'புதிய அறிவிப்புகள் தள்ளிப்போவதே நிர்வாகத்தைக் கணிசமாகப் பாதிக்கிறது' என்பது இங்கு எழுதப்படாத வரி.

1967 வரையிலான வரலாற்றைக் காட்டுவதிலும் ஓர் எடுகோள் உண்டு. சில மாநிலப் பேரவைகள் 1968, 1969-ஆம் ஆண்டுகளிலும், மக்களவை 1970-லும் முன்கூட்டியே கலைக்கப்பட்டதால்தான் அந்தச் சுழற்சி குலைந்தது. இனி அவ்வாறு கலைவது அரிதாகவே நிகழும் எனத் தலையங்கம் கருதுகிறது. இடையில் ஓர் அவை கலைந்தால், எஞ்சிய காலத்துக்கு மட்டும் தேர்தல் நடத்த மசோதா வகைசெய்கிறது. அத்தகைய கலைப்புகள் பெருகினால், தேர்தல்களின் எண்ணிக்கை குறையும் என்ற எதிர்பார்ப்பு பலவீனமடையும்.

மறுத்துப் பார்க்கும் சோதனை

கண்டறிந்தது எடுகோள்தானா என அறிய, அதை எதிர்மறையாக மாற்றி எழுத வேண்டும். 'புதிய அறிவிப்புகள் தள்ளிப்போவது நிர்வாகத்தைப் பாதிப்பதில்லை' என்று எழுதினால் வாதம் சரிகிறது. எனவே அது எடுகோள். 'ஒரே நேரத் தேர்தலை மக்கள் விரும்பவில்லை' என்று எழுதினாலும் நிர்வாகம் குறித்த வாதம் அப்படியே நிற்கிறது. ஆகவே, மக்கள் விருப்பம் இத்தலையங்கத்தின் எடுகோள் அல்ல. அது வாசகரின் சொந்த மறுப்பாக இருக்கலாம்.

மாணவர்கள் பெரிதும் தவறுவது இங்குதான். வாதத்துக்குத் தேவையானதைவிடக் கடுமையாக எடுகோளை எழுதுவது மற்றொரு தவறு. 'எந்த அரசும் கவிழாது' என்பது தலையங்கத்துக்குத் தேவையில்லை. 'அரிதாகவே கவிழும்' என்பதே போதுமானது.

எதிர்த்தரப்புக்கும் அதே அளவுகோல்

தமக்குப் பிடித்த தலையங்கத்தில் எடுகோளைக் காண்பது கடினம் என்பதால், எதிர்த்தரப்புத் தலையங்கத்தையும் இவ்வாறே பிரிக்க வேண்டும். ஒரே நேரத் தேர்தல் மாநிலக் கட்சிகளை நலியச் செய்யும் என்ற வாதம், வாக்காளர்கள் இரு வாக்குகளையும் ஒரே கட்சிக்கு அளிப்பர் என்ற எடுகோளைப் பெரிதும் சார்ந்துள்ளது. ஒடிஸாவில் 2019-இல் இரு தேர்தல்களும் ஒன்றாக நடைபெற்றன. பேரவையில் 112 இடங்களை வென்ற பிஜு ஜனதா தளம், மக்களவையில் 21-இல் 12 இடங்களையே பெற்றது; பாஜகவுக்கு 8 இடங்கள் கிடைத்தன. ஒரு மாநிலத்தின் முடிவு அந்த எடுகோளைப் பொய்யாக்கிவிடாது. ஆனால், அது தானாகவே உண்மையாகிவிடாது என்பதைக் காட்டுகிறது.

இறுதிச் சுருக்கத்தில் வாதத்துக்கு ஒரு வரி, சான்றுகளுக்கு இரண்டு வரிகள், எடுகோள்களுக்கு இரண்டு வரிகள் போதும். ஒவ்வோர் எடுகோளும் எந்தச் சான்றை வாதத்துடன் இணைக்கிறது என்பதை அதனருகில் குறிக்க வேண்டும். அவ்வாறு குறிக்க முடியாதது எடுகோளாக இருக்க வாய்ப்பில்லை.