உருளும் படமும் ஒரு டயோடும்

பிக்சர் டியூப் டிவி இருந்த வீடுகளில் பலருக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கும். படம் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ‘ஹோல்டு’ திருகைத் திருப்பிக்கொண்டிருப்பார். படத்தை நிற்கவைக்கும் பொறுப்பு, அந்தப் பெட்டிக்குள் இரண்டு எளிய சுற்றுகளிடம் இருந்தது. ஒன்று அலையை வெட்டும் கிளிப்பர். மற்றது அலையை அப்படியே தூக்கி வேறு மட்டத்தில் உட்காரவைக்கும் கிளாம்பர்.

இரண்டிலும் வேலை செய்வது டயோடுதான். சிலிக்கான் டயோடு ஒரு திசையில், அதுவும் சுமார் 0.7 வோல்ட் கிடைத்த பிறகுதான், மின்னோட்டத்தைத் தாராளமாக விடும். எதிர்த்திசையில் கதவடைத்துவிடும்.

+5 வோல்ட்டுக்கும் −5 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் சைன் அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 1,000 சுற்று. அதை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, ரெசிஸ்டரின் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு டயோடை இணைக்கிறோம். டயோடின் ஆனோடு கிரவுண்டில், கேத்தோடு அலையின் பக்கம். அலை மேலே போகும்போது டயோடு மூடியிருக்கும், அலை தடையின்றி 5 வோல்ட் வரை ஏறும். கீழே இறங்கி −0.7 வோல்ட்டைத் தொட்டதும் டயோடு திறந்துகொள்ளும். அதற்குக் கீழே உள்ள வோல்ட்டேஜ் முழுவதையும் ரெசிஸ்டர் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அலையின் அடிப்பாகம் கத்தியால் சீவியதுபோல் போய்விடும். இதுதான் கிளிப்பர்.

இப்போது ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வைக்கிறோம். டயோடைத் தொடவில்லை. அலை முதன்முறை கீழே இறங்கும்போது டயோடு திறந்து, கெப்பாசிட்டர் 4.3 வோல்ட் சார்ஜ் ஆகிவிடும். அலை மேலேறத் தொடங்கியதும் டயோடு மூடிக்கொள்ளும். சேர்ந்த சார்ஜ் வெளியேற வழியில்லை. அதன்பின் கெப்பாசிட்டர் 4.3 வோல்ட் பேட்டரிபோல நின்று, வரும் அலையோடு தன் வோல்ட்டேஜைக் கூட்டிக்கொடுக்கும். அலையின் வடிவம் மாறாது. ஆனால் அடி −0.7 வோல்ட்டில், உச்சி 9.3 வோல்ட்டில். இதுதான் கிளாம்பர்.

வெளியே இணைக்கும் லோடு ரெசிஸ்டரில் கவனம் வேண்டும். 100 கிலோ ஓம் என்றால் கெப்பாசிட்டர் வடிய ஆகும் நேரம் 0.1 வினாடி. அலையின் ஒரு சுற்றோ ஆயிரத்தில் ஒரு வினாடிதான், அதனால் சார்ஜ் குறையாது. 1 கிலோ ஓம் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சார்ஜ் வடிந்து அலை கோணிவிடும்.

டிவிக்கு வருவோம். 625 வரிப் படத்தில் ஒவ்வொரு வரிக்கும் 64 மைக்ரோ வினாடி. வரியின் தொடக்கத்தைச் சொல்ல ‘சிங்க்’ என்ற குறுகிய துடிப்பு வரும். சிக்னலைப் பெருக்கிய பின் சிங்கின் அடி 0, கறுப்பு 3, வெள்ளை 10 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது சிங்க் மட்டும்தான். அங்கே வெட்டினால் சிங்கைத் தனியே பிரித்துவிடலாம்.

சிக்கல், வழியில் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரால் வருகிறது. அது டி.சி.யை விடாது, சிக்னலின் சராசரியைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். முழு வெள்ளைக் காட்சியில் சராசரி சுமார் 8.5 வோல்ட் என்பதால் சிங்கின் அடி −8.5-க்குப் போகும். இருட்டுக் காட்சியில் சராசரி சுமார் 2.8தான், சிங்கின் அடி −2.8-லேயே நின்றுவிடும். வெள்ளைக் காட்சிக்குப் பொருத்தமாக −7 வோல்ட்டில் வெட்டினால், இருட்டுக் காட்சியில் அலை அந்த இடத்துக்கே வராது. சிங்க் கிடைக்காமல் படம் கலையும், உருளும்.

அதனால் முதலில் கிளாம்பர். காட்சி எதுவானாலும் சிங்கின் அடி −0.7 வோல்ட்டில் ஊன்றிக்கொள்ளும். 64 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை சிங்க் வந்து, வடிந்த கொஞ்சம் சார்ஜை ஈடுகட்டும். அதற்குப் பிறகு கிளிப்பர், ஒரே இடத்தில் நிம்மதியாக வெட்டும். பல பெட்டிகளில் ஒரே டிரான்சிஸ்டர் இரண்டு வேலையையும் பார்த்தது. அதன் பேஸ்-எமிட்டர் சந்திப்பே கிளாம்பர் டயோடு.

கிளாம்பரைச் செய்து பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கோப்பில் பார்த்தால் அலை நகராமல் நடுவிலேயே இருக்கும். சுற்றைப் பிரிக்கும் முன் ஸ்கோப்பின் கப்ளிங் சுவிட்சைப் பாருங்கள். அது ஏ.சி.யில் இருந்தால், ஸ்கோப்புக்குள்ளேயே ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் உட்கார்ந்து, கிளாம்பர் சேர்த்த டி.சி.யை மறுபடி கழித்துக்கொண்டிருக்கும். டி.சி.க்கு மாற்றுங்கள், அலை மேலேறி நிற்கும்.