இலவச நாணயமும் ஒரு கையொப்பமும்

தவளக்குப்பம் பகுதிப் பள்ளியொன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். இணையப் பாதுகாப்பு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள்: “சார், வாலட்டை கனெக்ட் பண்ணாலே காசு போயிடுமா?” டெலிகிராம் குழுக்களிலும் விளையாட்டுக் காணொளிகளின் கீழும் ‘இலவச நாணயம் பெறுங்கள்’ என்று வரும் இணைப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்ல முடியாது. பணம் போவது எந்தப் படியில் என்று நமக்குத் தெரிந்தால்தான் மாணவருக்கும் விளக்க முடியும்.

வாலட்டில் என்ன இருக்கிறது?

மெட்டாமாஸ்க் போன்ற கிரிப்டோ வாலட் செயலிக்குள் நாணயம் எதுவும் இருப்பதில்லை. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, எல்லாரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது கையொப்பமிடும் திறவுகோல் மட்டுமே. அந்தத் திறவுகோலை மீட்டெடுக்க உதவுவதுதான் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் கொண்ட மீட்புத் தொடர்.

வங்கிக் காசோலையில் கையெழுத்து சந்தேகமாக இருந்தால் காசாளர் நிறுத்திவைப்பார். பேரேட்டுக்கு அப்படி ஒரு காசாளர் கிடையாது. கையொப்பம் சரியாக இருந்தால் கட்டளை நிறைவேறிவிடும். கையொப்பமிட்டவர் ஏமாற்றப்பட்டாரா என்று அது பார்ப்பதில்லை.

இரண்டு படிகள்

இலவசப் பரிசு தருவதாகச் சொல்லும் தளத்தில் முதலில் `Connect Wallet` என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வாலட்டில் ஒப்புதல் கொடுத்தால், நமது பொது முகவரி அந்தத் தளத்துக்குத் தெரியவரும். அதை வைத்து நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்று அது பேரேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இனி நம் வாலட்டுக்கு வேண்டுகோள்களும் அனுப்பலாம். ஆனால் இந்த ஒரு படியால் மட்டும் ஒரு காசும் நகராது. நம் வீட்டு முகவரியை ஒருவருக்குச் சொன்னது போலத்தான்.

இழப்பு நேர்வது இரண்டாவது படியில். மோசடித் தளத்தில் உள்ள நிரல், அந்த முகவரியில் மதிப்பு மிகுந்தது எது என்று ஒரு நொடியில் கணக்கிட்டு, அதைக் குறிவைத்து ஒரு வேண்டுகோளை வாலட்டுக்கு அனுப்புகிறது. திரையில் இன்னொரு சிறு சாளரம் தோன்றும். அதில் `Confirm` அல்லது `Sign` என்று இருக்கும். ‘கனெக்ட்’ கொடுத்த அதே வேகத்தில் பலர் இதையும் அழுத்திவிடுகிறார்கள். இரண்டு சாளரங்களும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதே மோசடிக்காரருக்குச் சாதகம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவரின் வாலட்டில் 300 யு.எஸ்.டி.சி. இருப்பதாகக் கொள்வோம். ஒரு யு.எஸ்.டி.சி.யின் மதிப்பு ஏறத்தாழ ஓர் அமெரிக்க டாலர். பரிசுத் தளத்தில் வாலட்டை இணைத்தவுடன் கீழ்க்கண்டது போன்ற கையொப்ப வேண்டுகோள் வருகிறது:

```
Permit
owner:    (உங்கள் முகவரி)
spender:  (அறியாத முகவரி)
value:    115792089237316195423570985008687907853269984665640564039457584007913129639935
deadline: 1893456000
```

இதைச் சொல் சொல்லாகப் படிப்போம். `owner` என்பது நாம். `spender` என்பது நம் பணத்தைச் செலவிட நாம் அனுமதிக்கும் ஆள். `value` என்பது எவ்வளவு வரை என்ற வரம்பு. அங்கே உள்ள 78 இலக்க எண் 2-இன் 256-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுதான். அதாவது, வரம்பே இல்லை. `deadline` என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் விநாடிகள். இங்குள்ள எண் 2030 ஜனவரி 1-ஐக் குறிக்கிறது. மொத்தத்தில் இது, தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டு, பெயர் தெரியாத ஒருவரிடம் கொடுத்த காசோலை.

இந்த வகைக் கையொப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. ‘எனக்குச் செலவு எதுவும் இல்லையே, அப்படியானால் ஆபத்தும் இல்லை’ என்று நினைக்கத் தோன்றும். கட்டணத்தை மோசடிக்காரர் கட்டிக்கொள்கிறார். நம் கையொப்பத்தைப் பேரேட்டில் பதிவு செய்வதையும் 300 யு.எஸ்.டி.சி.யைத் தன் பக்கம் இழுப்பதையும் அவர் ஒரே பரிவர்த்தனையில் முடிக்க முடியும். எத்தீரியம் பேரேட்டில் 12 விநாடிக்கு ஒரு புதிய தொகுதி சேர்கிறது. அடுத்த தொகுதியிலேயே பணம் போயிருக்கலாம். ‘நான் எதையும் அனுப்பவில்லையே’ என்று பாதிக்கப்பட்டவர் சொல்வது உண்மைதான். அவர் அனுப்பவில்லை; எடுத்துக்கொள்ள அனுமதித்தார்.

இதே வேலையைச் செய்யும் வேறு வேண்டுகோள்களும் உண்டு. `approve` என்பது ஒரு நாணயத்துக்கான செலவு அனுமதி. `setApprovalForAll` என்பது ஒரு தொகுப்பில் நம்மிடமுள்ள எல்லா டிஜிட்டல் படங்களையும் எடுத்துச்செல்ல அனுமதி. சில தளங்களில் `Claim` என்று பெயரிட்ட வேண்டுகோள் வரும்; பெயர் ‘பெறுக’ என்றாலும், அழுத்தினால் நம் வாலட்டிலிருந்து ஈதர் வெளியே போகும். வேண்டுகோளின் பெயரை எழுதியவர் மோசடிக்காரரே என்பதை மறக்கக்கூடாது.

நம்பிக்கையான முகம்

“தெரிந்த ஆள் போட்ட பதிவுதானே சார்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். அதற்கு 2023 செப்டம்பர் 9-இல் நடந்ததை நான் சொல்வதுண்டு. எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான விட்டாலிக் பியூட்டரினின் எக்ஸ் கணக்கில், ஒரு தொழில்நுட்ப மேம்பாட்டை நினைவுகூரும் டிஜிட்டல் படம் இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு பதிவு வந்தது. இணைப்பைத் திறந்து வாலட்டை இணைத்து ஒப்புதல் கொடுத்தவர்கள் இழந்தது சுமார் 6,91,000 டாலர். பதிவை எழுதியவர் பியூட்டரின் அல்ல. அவருடைய கைப்பேசி எண்ணுக்கு மோசடியாக வேறு சிம் வாங்கியவர்கள், அந்த எண்ணைக் கொண்டு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். இழந்தவர்களில் இத்துறையை நன்கு அறிந்தவர்களும் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் முகம் இரவல் வாங்கப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பர் 12-இல் பிரதமரின் ட்விட்டர் கணக்கு சிறிது நேரம் பிறர் கைக்குப் போனது. இந்தியா பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக ஏற்றுவிட்டது, அரசு 500 பிட்காயின் வாங்கி மக்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று அதில் இணைப்புடன் பதிவு வந்தது. 2024 செப்டம்பர் 20-இல் உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் அலைவரிசையில் எக்ஸ்.ஆர்.பி. என்ற கிரிப்டோ நாணயத்தை முன்னிறுத்தும் காணொளி ஓடியது. கணக்கு உண்மையானதாக இருக்கலாம். பதிவு அப்படி இருக்க வேண்டியதில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

யு.பி.ஐ. பற்றி நாம் ஏற்கெனவே மாணவர்களுக்குச் சொல்லும் விதி இங்கும் பொருந்தும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. அதுபோல, ஒருவர் நமக்கு நாணயம் அனுப்ப நமது முகவரி போதும். நம் கையொப்பம் தேவையில்லை.

ஆனால் இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. உண்மையான இலவச வழங்கல்களும் நடந்திருக்கின்றன. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப், தன் தளத்தை முன்பு பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 யு.என்.ஐ. நாணயம் கொடுத்தது. அதைப் பெறப் பயனாளர் ஒரு பரிவர்த்தனைக்குக் கையொப்பமிடத்தான் வேண்டியிருந்தது. ஆகவே கையொப்பம் கேட்பது மட்டுமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: புதிதாக ஒன்றைப் பெற வந்த இடத்தில், என்னிடம் ஏற்கெனவே இருப்பதன்மீது ஏன் அனுமதி கேட்கிறார்கள்? பரிசைப் பெற நம் யு.எஸ்.டி.சி.யைச் செலவிடும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க எந்தத் தேவையும் இல்லை. சாளரத்தில் நம் நாணயத்தின் பெயரும் `spender` என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், மூடிவிட்டு வெளியேற வேண்டும். மீட்புத் தொடரை உள்ளிடச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம். எந்தப் பரிசுக்கும் அது தேவைப்படாது.

அழுத்திவிட்டால்?

பலர் முதலில் செய்வது, தளத்திலிருந்து வாலட்டைத் துண்டிப்பது அல்லது செயலியையே நீக்குவது. இரண்டாலும் பயனில்லை. கொடுத்த அனுமதி பேரேட்டில் பதிவாகியிருக்கிறது, கைப்பேசியில் அல்ல. எஞ்சியிருப்பதை உடனே வேறு புதிய வாலட்டுக்கு மாற்றுவதே முதல் வேலை. பிறகு revoke.cash போன்ற கருவியில், முகவரியைத் தாமே தட்டச்சு செய்து நுழைந்து, கொடுத்த அனுமதிகளை நீக்கலாம். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. மீட்புத் தொடரையே கொடுத்திருந்தால் அனுமதி நீக்கம் உதவாது. அந்த வாலட்டையே கைவிட வேண்டும்.

பரிவர்த்தனை எண், இரு முகவரிகள், தளத்தின் முகவரி, திரைப்படங்கள் ஆகியவற்றைச் சேமித்து 1930 என்ற எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கைப் போல இடையிலுள்ள தொகையை முடக்குவது இங்கு கடினம். திருடிய நாணயம் ஒரு பரிமாற்ற நிறுவனத்துக்கு வந்தால் அதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. எனவே தாமதிக்கக் கூடாது. ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்’ என்று வருபவர்கள் அதே வலையின் அடுத்த கண்ணி.

வகுப்பறையில்

இதைக் கற்பிக்க மாணவர் எவரும் வாலட் தொடங்க வேண்டியதில்லை. தொடங்கச் சொல்லவும் கூடாது. நான் மேலே உள்ள நான்கு வரிகளைக் கரும்பலகையில் எழுதி, ‘யார், யாருக்கு, எவ்வளவு, எதுவரை’ என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்கிறேன். கணித ஆசிரியர் அந்த 78 இலக்க எண்ணை அடுக்குகள் பாடத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில ஆசிரியர் ‘கனெக்ட்’, ‘அப்ரூவ்’, ‘சைன்’ ஆகிய மூன்று வினைச்சொற்களின் பொருள் வேறுபாட்டை வைத்து ஒரு பயிற்சி தரலாம். தொடக்க வகுப்புகளில், கேட்டவுடன் பொத்தானை அழுத்தாமல் ‘இதில் நான் எதற்குச் சம்மதிக்கிறேன்?’ என்று பெரியவர்களிடம் கேட்கும் பழக்கமே போதும்.

மாணவர் கேட்ட கேள்விக்கு நான் இப்போது தரும் விடை இது: கனெக்ட் செய்தால் உன்னிடம் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பார்கள், அடுத்த சாளரத்தைப் படிக்காமல் அழுத்தினால் எடுத்துக்கொள்வார்கள்.