காலி நாற்காலி இருந்தும் தேதி கிடைக்காதது ஏன்?

சனிக்கிழமை தேர்வு எழுதலாம் என்று நினைத்து முன்பதிவுப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். உங்களுக்கு அந்தத் தேதி காட்டவே இல்லை. வேறொரு தேர்வுக்குப் பதிவு செய்யும் நண்பருக்கோ, அதே மையத்தில் அதே சனிக்கிழமை இடம் காட்டுகிறது. இது இணையதளக் கோளாறு அல்ல, மணிக்கணக்கு.

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்த் தேர்வுகளைப் பியர்சன் வியூ மையங்களில் எழுதலாம். ஒரே அறையில் பல நிறுவனங்களின் தேர்வுகளை ஒரே நேரத்தில் பலர் எழுதிக்கொண்டிருப்பார்கள். அங்கே நீங்கள் பதிவு செய்வது வெறும் நாற்காலியை அல்ல. ஒரு கணினி, இடைவெளி இல்லாமல் இத்தனை நிமிடம் என்று சேர்த்துத்தான் பதிவாகிறது.

சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை எடுத்துக்கொள்வோம். கேள்விகள் 65, நேரம் 130 நிமிடம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆக 160 நிமிடம். நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்வது போன்ற சில்லறை வேலைகளையும் சேர்த்து, கணக்குக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மையத்தில் ஆறு கணினிகள், நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை என்று கொள்வோம். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு கணினிக்கு இருவர், ஆக நாளுக்குப் பன்னிரண்டு பேர். இப்போது ஒரு கணினியில் 11 மணிக்கு ஒருவரும் 2 மணிக்கு ஒருவரும் சிறிய தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். முதலாமவர் 12.45க்கும், அடுத்தவர் 3.45க்கும் எழுந்திருப்பார்கள். காலையில் இரண்டு மணி நேரம், நடுவில் ஒன்றே கால், கடைசியில் ஒன்றே கால் என்று மொத்தம் நான்கரை மணி நேரம் அந்தக் கணினி சும்மா கிடக்கும். இருந்தும் உங்கள் தேர்வு எந்தத் துண்டிலும் அடங்காது. ஆறு கணினிகளும் இப்படித் துண்டாகிவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு இடமே இல்லை. சிறிய தேர்வு எழுதும் நண்பருக்கோ காலை 9 மணிக்கே இடம் உண்டு.

இந்தக் கணக்கு பிடிபட்டால், அந்தக் கூடுதல் 30 நிமிடத்தை எப்போது கேட்க வேண்டும் என்பதும் பிடிபடும். தேதி பிடிப்பதற்கு முன்பே ஏ.டபிள்யூ.எஸ். கணக்கில் `ESL +30 MINUTES` என்ற சலுகைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஏற்கெனவே போட்ட பதிவுக்கு அது பொருந்தாது. பிறகுதான் தெரிந்தது என்றால், பதிவை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். அப்போது பழைய நேரமே திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. உங்களுக்குப் பின்னால் அதே கணினியில் இன்னொருவர் பதிவாகியிருந்தால், நீங்கள் விட்ட இடம் உங்களுக்கே அரை மணி நேரம் குறைவாக இருக்கும்.

பெயரையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். அடையாள அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்க, கணக்கில் இனிஷியல் மட்டும் இருந்தால், மையத்தின் வாசலிலேயே சிக்கல் வரலாம்.

தேதியை மாற்றுவதற்கு விதிகள் கறாரானவை. தேர்வு தொடங்க 24 மணி நேரம் இருக்கும் வரை மாற்றலாம். ஒரு பதிவை இரண்டு முறைதான் மாற்ற முடியும். மூன்றாவது முறை என்றால் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். பலர் தடுக்கி விழுவது அந்த 24 மணி நேரத்தில்தான். சனிக்கிழமை காலை 10 மணித் தேர்வுக்குக் கெடு வெள்ளிக்கிழமை காலை 10 மணி. வெள்ளி இரவு காய்ச்சல் வந்தால் மாற்ற வழியில்லை. போகாமல் இருந்தால் 150 டாலர் கட்டணம் போய்விடும்.

மாற்றும்போது ரத்து செய்துவிட்டுத் தேடாதீர்கள். மாற்றும் வசதிக்குள் போய் வேறு தேதிகளைப் பாருங்கள். புதியதை உறுதி செய்யும் வரை பழையது உங்கள் கையில் இருக்கும். தேர்வில் தோற்றால் அடுத்த முயற்சிக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். எனவே அலுவலகம் கெடு வைத்திருந்தால், கடைசி வாரத்தில் முதல் தேதியைப் போடக் கூடாது.

இதே கெடு, இடம் தேடுகிறவருக்கு உதவியாகவும் மாறும். வர முடியாதவர்கள் தங்கள் பதிவை மாற்றுவதானால் அதற்குள் மாற்றியாக வேண்டும். சனிக்கிழமை வேண்டும் என்றால் வியாழன் மாலையும் வெள்ளி காலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2 மணிக்காரர் விலகிவிட்டால் 12.45லிருந்து 5 மணி வரை நாலே கால் மணி நேரம் ஒரே துண்டாகச் சேர்ந்துவிடும். மூன்று மணி நேரத் தேர்வு அதில் தாராளமாக அடங்கும்.