ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரை எங்கே ஊற்றலாம்?

ஒரு குடம் குடிநீர் தருவதற்குள் வீட்டு ஆர்.ஓ. மெஷின் இரண்டு குடத்துக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. சிங்குக்குக் கீழே போகிற மெல்லிய குழாயை எடுத்து ஒரு வாளியில் விட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு போகிறது என்று தெரியும். அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று கேட்டால், "செடிக்கு ஊற்றுங்கள்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் அந்த யோசனையைச் சற்று நிறுத்தி வைப்பது நல்லது.

முதலில், அது எப்படிப்பட்ட தண்ணீர்? மெஷினுக்குள் வரும் தண்ணீர் மண்ணையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர், கரி ஃபில்டர் இரண்டையும் கடந்த பிறகே மெம்பிரேனுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி உப்பு நீங்கிக் குடிநீராகிறது. நீங்கிய உப்பு முழுவதும் மீதித் தண்ணீரில் சேர்ந்து வெளியேறுகிறது. ஆக, அது அழுக்குத் தண்ணீர் இல்லை. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் அதே தண்ணீர்தான், உப்பு மட்டும் கூடியிருக்கிறது. எவ்வளவு கூடியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், எதற்குப் பயன்படும் என்பதும் தெரிந்துவிடும்.

வேளச்சேரியில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் என் அத்தை வீட்டில் இதை அளந்து பார்த்தோம். குடிநீர்க் குழாயைத் திறந்து மெஷினின் தொட்டியைக் காலி செய்துவிட்டு, மறுபடி நிரம்பும்போது வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்தோம். 3 லிட்டர் குடிநீருக்கு 7 லிட்டர் வெளியே வந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்ததில், போர் தண்ணீர் லிட்டருக்கு 800 மில்லிகிராம், குடிநீர் 60. கணக்கு எளிது. உள்ளே போன 10 லிட்டரில் 8,000 மில்லிகிராம் உப்பு. குடிநீரோடு போனது 180. மீதி 7,820 மில்லிகிராமும் அந்த 7 லிட்டரில் இருக்க வேண்டும். லிட்டருக்கு 1,100-க்குச் சற்று மேல். மீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டியது. "அவ்வளவுதானா? நான் கடல் தண்ணி மாதிரி இருக்கும்னு நினைச்சேன்" என்றார் அத்தை.

30 சதவீதம் குடிநீர் தரும் மெஷினில் உப்பு சுமார் 1.4 மடங்காகிறது. பாதிக்குப் பாதி தரும் மெஷினில் வெளியேறுவது குறைவு, ஆனால் உப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குழாய்த் தண்ணீரே 1,500 என்றால் வெளியேறுவது 2,000-ஐத் தொடும் அல்லது தாண்டும். மீட்டர் வாங்கிய கையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். குழாய்த் தண்ணீரே 500-க்குக் கீழே இருந்தால், உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவே 500தான். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அத்தகைய இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி மத்திய அரசிடம் சொன்னது. ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் போன்றவை இருக்கும் ஊர்களில் மட்டும் மீட்டரை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அவற்றை அது பிரித்துக் காட்டாது. தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெளியேறும் தண்ணீரில் அவையும் கூடியே இருக்கும் என்பதால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. நாய்க்கும் பூனைக்கும் குடிக்க வைக்கவும் வேண்டாம்.

அத்தை வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் ஆகிறது. அப்படியானால் 35 லிட்டர் வெளியேறும். இதற்கு மிகச் சரியான இடம் கழிப்பறை. உப்பு கூடினால் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. அரை வாளித் தண்ணீரை வேகமாகக் கோப்பைக்குள் ஊற்றினாலே ஃப்ளஷ் ஆகிவிடும். ஃப்ளஷ் டேங்குக்குள் ஊற்றினால் நாளடைவில் உள்ளே இருக்கும் ரப்பரில் உப்புப் படிந்து கசியத் தொடங்கும். எனவே நேராகவே ஊற்றுங்கள். அடுத்தது தரை துடைப்பது. 10 லிட்டர் அதற்குப் போய்விடும். கறுப்பு கிரானைட், கண்ணாடி, கார் இவற்றில் மட்டும் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும். பாத்திரத்தை முதல் கழுவலில் அலசவும், மிதியடி, மாப் துணி துவைக்கவும் இது தாராளமாக ஆகும். சோப்பு குறைவாகத்தான் நுரைக்கும். வாஷிங் மெஷின், கெய்சர், பிரஷர் குக்கர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சூடாகும் இடமெல்லாம் உப்பு கட்டியாகப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒருபோதும் ஊற்றக் கூடாது.

இனி செடிகள். தொட்டியில் ஊற்றும் தண்ணீரைச் செடி உறிஞ்சுகிறது, வெயில் ஆவியாக்குகிறது. உப்பு மட்டும் மண்ணிலேயே தங்குகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்றால், தினமும் ஒரு லிட்டர் ஊற்றும் தொட்டியில் ஒரு மாதத்தில் 30 கிராம் உப்பு சேர வழி உண்டு. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூச்சு தெரியும். பிறகு இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் அதையே ஊற்றுவோம். ரோஜா, எலுமிச்சை, பீன்ஸ் இவை முதலில் வாடும். தென்னை, அரளி, போகன்வில்லா தாங்கும். அவையும் தொட்டியில் இல்லாமல் தரையில் இருப்பது நல்லது, அங்கே மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். தொட்டிக்கே ஊற்றியாக வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றுங்கள். அவ்வப்போது அடித்துளை வழியே தாராளமாக வழியும் அளவு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் இதை விட வேண்டாம். நாளை நீங்களே இறைக்கப்போகிற தண்ணீர் அது.

பிடித்து வைப்பதில் இரண்டு விஷயங்கள் தவறிப்போகின்றன. ஒன்று, வாளி நிரம்பினால் நிறுத்தலாமே என்று வெளியேறும் குழாயில் டேப் மாட்டுவது, அல்லது குழாயை மடக்கிக் கட்டுவது. அதை மூடினால் உப்பு வெளியேற வழியில்லாமல் மெம்பிரேன் மேலேயே படிந்து அடைத்துவிடும். குழாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். 12 லிட்டர் தொட்டி காலியிலிருந்து நிரம்ப 28 லிட்டர் வெளியேறும் என்பதால் 20 லிட்டர் கேன் போதாது. கேனின் கழுத்துக்குக் கீழே ஒரு துளையிட்டு, வழிவதை சிங்குக்குக் கொண்டுபோகும்படி குழாய் சொருகிவிட்டால் சமையலறை நனையாது. இரண்டாவது, நாள்கணக்கில் தேக்கி வைப்பது. கரி ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுவதால் இந்தத் தண்ணீர் சீக்கிரம் வழுவழுப்பாகும். மூடாமல் வைத்தால் கொசு முட்டையிடும். கேனை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேனில் பிடிக்க ஆரம்பித்த பிறகு மெஷினின் கோளாறும் கண்ணில் படும். தொட்டி நிரம்பி மெஷின் நின்ற பிறகு வெளியேறும் குழாயும் நின்றுவிட வேண்டும். நின்ற பிறகும் இரவெல்லாம் சொட்டிக்கொண்டே கேன் நிரம்பியிருந்தால், உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தும் சோலனாய்டு வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பாகம் விலை குறைவுதான், சர்வீஸ்காரரிடம் சொன்னால் மாற்றிவிடுவார். குடிநீர் வருவது மெதுவாகி, 3-க்கு 7 என்றிருந்தது 3-க்கு 10, 12 என்று போனால், மெம்பிரேனையும் அதற்கு முந்தைய ஃபில்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.