தோள் திரும்பும்போது சதை எங்கே போகிறது?

கணினியில் உருவாக்கிய ஒரு பாத்திரத்தின் கையை முறுக்கினால், தோள்மூட்டு ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் ஒடுங்கிவிடுகிறது. எலும்புகளின் அசைவைத் தோலுக்குக் கடத்தும் பழைய முறையான லீனியர் பிளெண்டின் கோளாறு இது.

தோளிலுள்ள ஒரு புள்ளியை மார்பெலும்பும் கையெலும்பும் சரிபாதியாக இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கை மட்டும் 90 டிகிரி முறுக்கப்படுகிறது. அந்தப் புள்ளிக்கு இரண்டு எலும்புகளும் ஆளுக்கோர் இடம் சொல்கின்றன. பழைய முறை இரண்டுக்கும் நடுவில் நேர்கோட்டில் புள்ளியை வைக்கிறது. வட்டத்தின் இரு முனைகளை இணைக்கும் கோடு வட்டத்துக்குள்ளேதானே போகும்! ஆரம் சுமார் 71 சதவீதமாகிறது. குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது. 180 டிகிரியில் தோள் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும்.

2007-இல் லாடிஸ்லாவ் காவன் குழுவினர் முன்வைத்த டூயல் குவாட்டர்னியன் முறை, இடங்களைச் சராசரி பார்ப்பதில்லை. சுழற்சியையும் நகர்வையும் சேர்த்தே கலக்கிறது. புள்ளி 45 டிகிரி சுழன்று வட்டத்தின் மேலேயே நிற்கும். கனம் குறையாது.

ஆனால் கையை மடக்கும்போது இதே முறை மூட்டின் வெளிப்புறத்தைப் புடைக்க வைக்கும். முறுக்கு 180 டிகிரியைத் தாண்டினால் தோல் சட்டென எதிர்ப்பக்கம் தாவும்.

முறுக்கும் தோளுக்கு டூயல் குவாட்டர்னியனே சரி. பிளெண்டரில் Armature மாடிஃபயரின் Preserve Volume பெட்டியைத் தேர்ந்தெடுத்து, கையை முறுக்கியும் மடக்கியும் பாருங்கள்.