பைல்ஸ் ஆபரேஷனுக்கு ஏன் இரண்டு வாரம் லீவு?

பைல்ஸ் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வரும் அலுவலக ஊழியருக்கு அடுத்த கவலை லீவு லெட்டர். நோயின் பெயரை எழுதக் கூச்சம். எழுதாமல் விட்டால், “சின்ன ஆபரேஷன்தானே, எதுக்கு ரெண்டு வாரம்?” என்று மேனேஜர் கேட்பார். அதனால் பலர் ஒரு வாரம் போதும் என்று தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் காரணத்தையும் ‘காய்ச்சல்’ என்று மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் வம்பில் மாட்டிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர். நாள் முழுக்க நாற்காலிதான். மூலம் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, மலம் கழிக்கும்போது வெளியே தள்ளும் சதை தானாக உள்ளே போவதில்லை, கையால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. ஜூலை 6, திங்கட்கிழமை ஆபரேஷன். மூலச் சதையை வெட்டி எடுத்துவிட்டு, புண்ணைத் தைத்து மூடாமல் தானாக ஆறவிடும் முறை. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகன், மார்கன் ஆகியோர் 1937-இல் விவரித்த இந்த முறையை மருத்துவர்கள் இன்றும் பரவலாகக் கையாள்கிறார்கள்.

முதல் ஓரிரு நாள் மருத்துவமனையில் கழியும். முதுகில் போட்ட மயக்க ஊசியாலும் வலியாலும் சிலருக்கு அன்று சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வதுண்டு. உண்மையான சோதனை இரண்டாம், மூன்றாம் நாளில், முதல் முறை மலம் கழிக்கும்போது வருகிறது. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இறுகி, அடுத்த முறை இன்னும் வலிக்கும். அதனால்தான் மலமிளக்கியும் இசப்கோலும் தருகிறார்கள். ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும், அதற்கு மேல் நாளில் இரண்டு மூன்று வேளையும், அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பு நனைய உட்காரச் சொல்வார்கள். இறுகிக் கிடக்கும் ஆசனவாய்த் தசை தளரும், வலி குறையும். ஆனால் அலுவலகக் கழிப்பறையில் இதற்கு வழியே கிடையாது.

முதல் வாரம் முடியும்போது வலி ஓரளவு தணிந்திருக்கும். “இனி வேலைக்குப் போகலாம்” என்று தோன்றும். ஏமாறுகிற இடம் இதுதான். வெட்டிய இடத்தில் ரத்தக் குழாயைக் கட்டியிருக்கிறார்களே, அங்கே செத்த திசு உதிர்வது ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான். கிருமித் தொற்றும் சேர்ந்தால் குழாய் திறந்துகொண்டு ரத்தம் கொட்டலாம். எல்லோருக்கும் வருவதில்லை, நூற்றில் சிலருக்கே வரும். ஆனால் வந்தால், பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் நாளிலிருந்து இரண்டாம் வாரக் கடைசிக்குள் வரும். நம் கணக்காளர் ஒரு வாரம் மட்டும் லீவு கேட்டிருந்தால், ஜூலை 13, திங்கட்கிழமை, அபாயம் தீராத நாளில், பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போயிருப்பார்.

மலம் கழிக்கையில் சில சொட்டு ரத்தம் தெரிவது இந்த நாட்களில் சகஜம். ரத்தம் நிற்காமல் வழிந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குறைந்த வலி திரும்ப ஏறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேசர், ஸ்டேப்ளர் முறைகளில் வலி குறைவு, சீக்கிரமே வேலைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. எனவே எத்தனை நாள் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆபரேஷன் செய்யும் மருத்துவரிடமே கேட்டு எழுத வேண்டும்.

இனி கடிதம். நம் கணக்காளர் இப்படி எழுதலாம்:

*பொருள்: அறுவை சிகிச்சைக்காக மருத்துவ விடுப்பு கோருதல்.*

*ஐயா, எனக்கு வரும் ஜூலை 6 அன்று அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. அதன்பின் இரண்டு வாரம் ஓய்வு தேவை என மருத்துவர் சான்று அளித்துள்ளார். ஆகவே ஜூலை 6 முதல் 19 முடிய 14 நாட்களுக்கு மருத்துவ விடுப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜூலை 20, திங்கட்கிழமை பணிக்குத் திரும்புவேன். 7ஆம் தேதி கட்ட வேண்டிய டிடிஎஸ் தொகைக்கான சலானைத் தயார் செய்துவிட்டேன். 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களை உதவியாளரிடம் ஒப்படைத்துள்ளேன். மருத்துவச் சான்று இணைப்பில் உள்ளது.*

இதில் மூலம் என்ற சொல்லே இல்லை. பொய்யும் இல்லை. நோயின் பெயர் இணைத்த சான்றில் இருக்கும், அதைப் பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார். ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்தால், சான்றும் கடிதமும் முரண்பட்டு, உண்மையான லீவுகூடச் சந்தேகத்துக்கு இடமாகியிருக்கும். மேனேஜரின் தயக்கத்தைப் போக்குவது எந்தத் தேதியில் எந்த வேலை, யார் கையில் என்ற வரிகள்தான். உடம்பு படும் பாட்டைப் பத்தி பத்தியாக எழுதுவதால் அது நடக்காது.

மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டினால் சில அலுவலகங்கள் ஏற்பதில்லை. என்ன சிகிச்சை நடந்தது என்பது அதில் இருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு என்பது பெரும்பாலும் இருக்காது. அதை மருத்துவரின் கையொப்பம், பதிவு எண்ணோடு தனிச் சான்றாகக் கேட்டு வாங்க வேண்டும்.

லீவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், உடல்நலக் குறைவுக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. கணக்காளர் கேட்ட 14 நாளில் இரண்டு ஞாயிறு. சனிக்கிழமையும் வேலை நாள் என்பதால், ஞாயிறைக் கழித்தால் மீதி சரியாக 12. ஆனால் இடையில் வரும் ஞாயிறையும் லீவாகக் கணக்கிடும் அலுவலகங்கள் உண்டு. இந்த ஆண்டு ஏற்கெனவே சில நாள் எடுத்தும் இருக்கலாம். ஆகவே கடிதம் கொடுக்கும் முன் பாக்கியை விசாரித்துக்கொள்வது நல்லது. குறைந்தால் சொந்த லீவைச் சேர்த்துக் கேட்கலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படுபவர்களுக்குக் கணக்கு வேறு. போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதத்தை இஎஸ்ஐ நோய்க்கால உதவித்தொகையாகத் தரும். முதல் இரண்டு நாளுக்கு வழக்கமாகக் கிடையாது. அலுவலகம் சம்பளத்தோடு லீவு தரும் நாளுக்கு இதையும் சேர்த்து வாங்க முடியாது. இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றுதான் இதற்கு அடிப்படை. ஆபரேஷனைத் தனியார் மருத்துவமனையில் செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் தங்கள் இஎஸ்ஐ மருந்தகத்தில் கேட்டுவிட வேண்டும்.

ஜூலை 20 அன்று வேலைக்குப் போகும்போது, பணிக்குத் தகுதி என்ற சான்றையும் சில அலுவலகங்கள் கேட்கும். முந்தைய வாரமே மருத்துவரைப் பார்த்து வாங்கிவைத்தால் அலைச்சல் மிச்சம். அன்றுதான் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கும் கடைசி நாள் என்பதால், அதையும் ஆபரேஷனுக்கு முன்பே உதவியாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். திறந்த புண் முழுதாக ஆற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். வேலைக்குத் திரும்பிய பிறகும், மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும், கனமான கோப்புக் கட்டுகளைத் தூக்காமல் இருக்கவும் அனுமதி கேட்டு, அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், ஆகஸ்டில் இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்காது.