உடைந்து வந்த மூடி

அத்தை ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியைப் பிரித்தபோது சட்னி ஜாரின் மூடி பிளந்திருந்தது. கடையின் விதிகள் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

"டெலிவரியிலிருந்து 7 நாளுக்குள் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்ற வரிதான் முக்கியம். மேலே ரிட்டர்ன் என்று இருந்ததால் பணம் வரும் என்று அத்தை நம்பியிருந்தார். ரீப்ளேஸ்மென்ட் என்றால் அதே பொருளை மாற்றித் தருவது. பணம் வாபஸ் வருவது ரீஃபண்ட். இரண்டுக்கும் 'திருப்பித் தருதல்' என்றே எழுதினால் குழப்பம்தான். 7 நாள் கணக்கும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து. 'பயன்படுத்தாத நிலையில்' என்றும் இருந்தது. ஜாரைக் கழுவப் போன அத்தையை அங்கேயே நிறுத்தினேன்.

பிறகு, ஆர்டர் எண்ணை மேலே போட்டு இப்படி எழுதினோம்:

"மிக்ஸி 12ஆம் தேதி வந்தது. அன்றே பிரித்தோம். சட்னி ஜாரின் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. பயன்படுத்தவில்லை. மூடி, அட்டைப்பெட்டி, முகவரிச் சீட்டு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். மாற்றித் தாருங்கள், சரக்கு இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்."

கோபத்தைக் கொட்டும் வரிகளை அடித்துவிட்டேன். தேதியும் படமும்தான் பேச வேண்டும்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதிலே இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.